சந்திப்பு ரத்தானதும் வரும் நிம்மதி

தாம்பரத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வங்கியில் வேலை, பள்ளிக்குப் போகும் ஒரு மகன், வீட்டில் மாமியார். கல்லூரியில் கூடப் படித்த தோழிகள் நாலு பேரும் வாட்ஸ்அப் குழுவில் பேசி, மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெசன்ட் நகர் கடற்கரையில் சந்திப்பது என்று முடிவெடுக்கிறார்கள். "கண்டிப்பா வரேன்டி" என்று முதலில் பதில் போடுபவர் இவர்தான். அதில் பொய் எதுவும் இல்லை. அவர்களைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் உண்மையாகவே இருக்கிறது.

அந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வருகிறது. "பாப்பாவுக்கு ஜுரம் அடிக்குது. இன்னைக்கு வேண்டாம்டி, அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

"அய்யோ, பரவால்லடி, நீ குழந்தையைப் பாரு" என்று இவர் எழுதுகிறார். அனுப்பி முடித்த அதே நொடியில் தோள்கள் தளர்கின்றன. பெரிதாக ஒரு மூச்சு வெளியே வருகிறது. இஸ்திரி போட எடுத்து வைத்த சுடிதாரை மறுபடி அலமாரியில் மடித்து வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறுத்தல் தொடங்குகிறது. 'இவ்வளவு நிம்மதியா இருக்குன்னா, எனக்கு அவங்களைப் பார்க்கவே பிடிக்கலையா?'

இந்தக் கேள்வி பலரையும் அரிக்கிறது. ஆசைப்பட்டுப் போட்ட திட்டம் கலைந்ததும் மனம் லேசாகிவிட்டால், அந்த ஆசையே போலி என்று தங்களைத் தாங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். உளவியல் ஆய்வுகள் இதை வேறு விதமாகப் பார்க்கின்றன. ஆசையும் உண்மை, நிம்மதியும் உண்மை. இரண்டும் ஒரே திட்டத்தின் வெவ்வேறு பக்கங்களைப் பார்த்துப் பிறந்தவை. அந்தப் பக்கங்கள் வெவ்வேறு நாட்களில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

தூரத்தில் ஒரு முகம், கிட்டத்தில் ஒரு முகம்

நீரா லிபர்மன், யாக்கோவ் ட்ரோப் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை இஸ்ரேலியக் கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. எழுதித் தரவேண்டிய பாடக் கட்டுரைக்கு அவர்களே தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில தலைப்புகள் சுவையானவை, சில சலிப்பூட்டுபவை. சிலவற்றுக்கான புத்தகங்கள் அவர்களுடைய தாய்மொழியான ஹீப்ருவில் இருந்தன. சிலவற்றுக்கு ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும், அது கூடுதல் உழைப்பு. வேலை உடனடியாக வரப்போகிறது என்றால் மாணவர்கள் படிக்க எளிதானதைப் பார்த்தார்கள். வேலை பல வாரங்கள் தள்ளி வரும் என்றால் சுவையானதைப் பார்த்தார்கள், உழைப்பு அதிகமானாலும் பரவாயில்லை என்று.

தொலைவில் இருக்கும் காரியத்தைப் பற்றி நினைக்கும்போது மனம் 'எதற்காக' என்று கேட்கிறது. அதே காரியம் நெருங்கி வரும்போது கேள்வி 'எப்படி' என்று மாறிவிடுகிறது. இதை ஒட்டி இருவரும் வளர்த்தெடுத்த கோட்பாடு கடந்த கால் நூற்றாண்டில் மிகுதியாகப் பேசப்பட்ட ஒன்று.

தாம்பரத்துப் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் தெரிந்தது 'எதற்காக' மட்டும்தான். தோழிகளின் முகம், பழைய கதை, கடல் காற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரிவது முழுக்க 'எப்படி'. மகனை மாமியாரிடம் விட வேண்டும். அதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும், அதுவும் காலையிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரிக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்தால் முடி காய்வதற்கு நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு. கிண்டியில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும், அடையாறில் நெரிசல் இருக்கும். திரும்பி வீடு சேர ஒன்பதரை ஆகும். மறுநாள் திங்கட்கிழமை, மகனுடைய சீருடை இன்னும் துவைக்கவில்லை.

இதில் ஒன்றுகூட மூன்று வாரத்துக்கு முன்னால் அவர் மனதில் இல்லை. மறைத்து வைத்தார் என்று சொல்ல முடியாது. அந்தத் தொலைவிலிருந்து இவை எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கால் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் ஆகிய இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் எதிர்காலத்தில் தங்களுக்கு எவ்வளவு நேரம் ஓய்வாகக் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு இல்லாத ஓய்வு அடுத்த மாதம் நிறைய இருக்கும் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டபோது அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடுத்த மாதமும் சம்பளம் இதேதான், செலவும் இதேதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேரத்துக்கும் அதே கதைதான் என்பதை மட்டும் மனம் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த மாதத்து நாட்காட்டி இன்று வெறுமையாக இருப்பதால், அது அன்றைக்கும் வெறுமையாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் சட்டென்று சரி சொல்லிவிடுகிறார்கள். அந்த நாள் வந்ததும், அடடா, ஏன் சொன்னோம் என்று நொந்துகொள்கிறார்கள்.

எலியின் பட்டையில் தெரிந்தது

ஆசைப்பட்ட ஒன்றே நெருங்க நெருங்கச் சுமையாவதன் உள் இயக்கத்தை இதைவிடப் பழைய ஒரு சோதனை தெளிவாகக் காட்டுகிறது. ஒரே பொருள் இழுக்கவும் செய்யும், விலக்கவும் செய்யும் என்ற நிலையைப் பற்றிக் கர்ட் லெவின் 1930களிலேயே எழுதினார். நீல் மில்லர் 1940களில் அதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுவந்தார். அந்த வழியில் ஜட்சன் பிரவுன் 1948இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

பிரவுன் எலிகளுக்கு ஒரு சிறிய பட்டை மாட்டி, அதில் ஒரு கயிற்றைக் கட்டினார். நீண்ட ஒரு பாதையில் எலியை ஓடவிட்டு, நடுவில் கயிறு இழுத்துப் பிடிக்கும்போது எலி எவ்வளவு வலுவோடு இழுக்கிறது என்று அளந்தார். சில எலிகளுக்குப் பாதையின் முடிவில் உணவு கிடைக்கும் என்று பழக்கியிருந்தார். அவை பசியோடு உணவை நோக்கி இழுத்தன. வேறு சில எலிகளுக்கு அதே முனையில் மின் அதிர்ச்சி கிடைத்திருந்தது. அவை அந்த முனையை விட்டு விலகி ஓட இழுத்தன.

உணவைத் தேடிய எலிகள் முனைக்கு 170 சென்டிமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 41 கிராம் வலுவில் இழுத்தன. 30 சென்டிமீட்டர் நெருக்கத்தில் அது 56 கிராம் ஆனது. பெரிய மாற்றம் இல்லை. அதிர்ச்சிக்குப் பயந்த எலிகள் தொலைவில் வெறும் 2 கிராம் அளவுக்குத்தான் இழுத்தன, அதாவது ஏறத்தாழ ஒன்றும் இல்லை. நெருக்கத்திலோ 198 கிராம் வலுவில் விலகி ஓடப் பார்த்தன.

ஆசை தூரத்திலும் கிட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறது. தயக்கம் மட்டும் நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறுகிறது. தொலைவில் ஆசையின் கை ஓங்கியிருக்கும், கிட்டத்தில் தயக்கத்தின் கை ஓங்கும். நடுவில் ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும்.

தோழிகளைச் சந்திப்பதில் மின் அதிர்ச்சி எதுவும் இல்லைதான். எலியின் கயிற்றிலிருந்து மனிதரின் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகத் தாவிவிட முடியாது. மனிதர்கள் பயத்தை மீறிக் கிளம்புவார்கள், கொடுத்த வாக்கை நினைப்பார்கள், போய்ச் சேர்ந்தபின் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பார்கள். ஆனாலும் இரண்டு கோடுகளில் ஒன்று சாய்வாகவும் மற்றது செங்குத்தாகவும் போகிறது என்ற அந்த வடிவம், ரத்தான திட்டம் தரும் நிம்மதியைப் பற்றிச் சிலவற்றைத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

சந்திப்பு ஒரு வாரத்துக்கு முன்பே ரத்தாகியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வருத்தம்தான் மிஞ்சியிருக்கும். அப்போது தயக்கம் இன்னும் ஏறவில்லை. செய்தி கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்தது. தயக்கம் உச்சியில் நிற்கும் நேரம் அதுதான். உச்சியிலிருந்து ஒரே நொடியில் கீழே இறங்கும்போது கிடைக்கும் இறக்கம்தான் அந்தப் பெரிய மூச்சு. இதே செய்தி அவர் கிண்டியில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் நிம்மதி வந்திருக்காது, கோபம்தான் வந்திருக்கும். ஏனென்றால் தயக்கத்துக்குக் காரணமாக இருந்த வேலைகள் எல்லாவற்றையும் அதற்குள் செய்து முடித்துவிட்டார். செலுத்த வேண்டிய விலையைச் செலுத்தியாயிற்று, கையில் வர வேண்டியது மட்டும் வரவில்லை.

அந்தச் செய்தியின் கடைசி மூன்று சொற்களும் முக்கியமானவை: 'அடுத்த மாசம் பாத்துக்கலாமா?' தோழி சந்திப்பை அழிக்கவில்லை, தள்ளித்தான் வைத்தாள். அதனால் சந்திப்பு மறுபடியும் தொலைவுக்குப் போய்விட்டது. அங்கே மாவும் சீருடையும் தெரியாது, முகங்களும் கடல் காற்றும் மட்டும்தான் தெரியும். ஆசை கையில் அப்படியே இருக்க, சுமை மட்டும் இறங்கிவிட்டது. 'இனி எப்போதும் முடியாது, நான் கனடா போகிறேன்' என்று தோழி எழுதியிருந்தால் யாரும் நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்க மாட்டார்கள்.

நாட்காட்டியில் ஏறியதும் வேலையாகிவிடும்

செலவும் அலைச்சலும் இல்லாத திட்டங்கள் ரத்தானாலும் இந்த நிம்மதி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. நண்பரோடு தொலைபேசியில் பேசுவதாக ஒத்துக்கொண்ட அரை மணி நேரம், பக்கத்துத் தெருவில் ஒரு காபி. இவற்றில் அப்படி என்ன சுமை?

கேப்ரியலா டோனியெட்டோ, செலின் மால்கோக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். பரீட்சை நேரத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் காபியும் பிஸ்கட்டும் இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். படித்துக் களைத்த மாணவர்களுக்கு இளைப்பாற ஓர் இடம். சிலரிடம் இன்ன நேரத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நேரம் குறித்துக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார்கள். காபியும் ஒன்றுதான், பிஸ்கட்டும் ஒன்றுதான். நேரம் குறிக்கப்பட்டவர்கள் அதைக் குறைவாக ரசித்தார்கள்.

கடிகாரத்தில் நேரம் குறித்ததும் பொழுதுபோக்குக்கு வேலையின் சாயல் வந்துவிடுகிறது. பல் மருத்துவரைப் பார்ப்பதும் நாலு மணிக்கு, நண்பரைப் பார்ப்பதும் நாலு மணிக்கு என்றால், மனம் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் எழுதிக்கொள்கிறது. 'முடிக்க வேண்டியவை' என்ற பட்டியல் அது. அதிலிருந்து எதை அடித்தாலும் சுகமாகத்தான் இருக்கும்.

குறித்த நேரத்தின் விளைவு அந்த நேரத்தோடு நிற்பதும் இல்லை. இதே ஆய்வாளர்கள் ஸ்டீபன் நௌலிஸ் என்பவரோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அடுத்து ஒரு காரியம் காத்திருக்கிறது என்றால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மக்களுக்குச் சுருங்கித் தெரிகிறது என்று கண்டார்கள். கையில் இருப்பது முழுசாக ஒரு மணி நேரம்தான். ஆனால் அதில் முழுசாக ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றுகிறது, பெரிய வேலையை எடுக்கத் தயங்குகிறார்கள்.

இதை அந்த ஞாயிற்றுக்கிழமையில் வைத்துப் பார்க்கலாம். சந்திப்பு ஐந்து மணிக்கு. ஆனால் அந்தப் பெண்ணின் காலையும் அதன் பிடியில்தான் இருந்தது. அலமாரியை ஒழுங்குபடுத்தலாம் என்று எண்ணி, 'சாயங்காலம் வேற போகணும்' என்று விட்டுவிட்டார். படம் பார்க்கலாம் என்றால் பாதியில் எழுந்திருக்க வேண்டிவரும். மதியத் தூக்கமும் போடவில்லை, தூங்கினால் எழ முடியாமல் போய்விடும். காலையிலிருந்து மணி என்ன, மணி என்ன என்று உள்ளுக்குள் ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. சந்திப்பு ரத்தானபோது அவருக்குக் கிடைத்தது ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரையான மூன்று மணி நேரம் மட்டும் இல்லை. அந்தக் காவல் வேலையும் அதோடு முடிந்தது.

அப்படிக் கிடைத்த நேரத்துக்கு ஒரு தனிக் குணமும் உண்டு. ஜே சுங், லியோனார்ட் லீ, டொனால்ட் லேமன், கிளேர் ட்சாய் ஆகியோர் எதிர்பாராமல் கைக்கு வந்த நேரத்தை மக்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். அப்படி வந்த நேரத்தைப் பயனுள்ள வேலைகளைவிட மகிழ்ச்சி தரும் காரியங்களில் செலவழிக்கும் போக்கு அதிகம் என்று தெரிந்தது. முன்பே ஓய்வு என்று தெரிந்திருந்தால் அந்த மாலையில் நிலுவையில் கிடக்கும் துணி துவைப்பும் கணக்கு வழக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். திடீரென்று திறந்த மாலைக்கு எந்த வேலையும் உரிமை கொண்டாடவில்லை. குடும்பப் பெண்களுக்கு இது இன்னும் அரிதான பண்டம். ஓய்வாக இருக்கிறார் என்று தெரிந்தால் வீட்டில் யாராவது ஒரு வேலை சொல்வார்கள். வெளியே போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் நின்ற மாலையில், வீடு ஏற்கனவே அவர் இல்லாமல் நடக்கத் தயாராகியிருக்கும்.

யார் ரத்து செய்தார்கள்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது இது. இரவு மழை வலுக்கும். பிள்ளைகள் தொலைக்காட்சியின் கீழே ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தெந்த மாவட்டத்தில் ஆட்சியர் விடுமுறை அறிவித்திருக்கிறார் என்ற பட்டியல் ஓடும். தங்கள் மாவட்டத்தின் பெயர் வந்ததும் வீடே அதிரும். பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை மட்டும் குதிப்பதில்லை. மறுநாள் ஓவியப் போட்டிக்கு ஆசையோடு வண்ணப் பென்சில் சீவி வைத்த பிள்ளையும் குதிக்கிறது. ஆசிரியர்கள் வீட்டிலும் அதே மகிழ்ச்சிதான். பின்னால் ஒரு சனிக்கிழமை இதை ஈடுகட்ட வேண்டியிருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்தும்கூட.

இந்த நிம்மதி இவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம், இதில் யாருடைய கையிலும் கறை இல்லை. நான் போகவில்லை என்றால் அது என் பொறுப்பு. ஆட்சியர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் சேர்த்து வேண்டாம். பாடம் ஒருவருக்கு மட்டும் விட்டுப்போகாது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

தாம்பரத்துப் பெண் தானே 'எனக்கு முடியல' என்று எழுதியிருந்தால் கதை வேறு. உடல் ஓய்ந்திருக்கும், மனம் ஓயாது. அவளுங்க என்ன நினைச்சிருப்பாங்க, தப்பா எடுத்துக்கிட்டாங்களோ, இனிமேல் கூப்பிடாம விட்டுடுவாங்களோ என்று மாலை முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பயம் உண்மையைவிடப் பெரியது என்பதை ஜூலியன் கிவி, காலீன் கிர்க் ஆகியோர் 2023இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. அழைப்பை மறுத்தவர்கள், அழைத்தவர் எவ்வளவு கோபப்படுவார், எவ்வளவு வருந்துவார் என்று ஊகித்தார்கள். அழைத்தவர்களிடமே கேட்டபோது அவர்களுடைய வருத்தம் அந்த ஊகத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. அழைத்தவர் 'வர மாட்டேன்' என்பதையே நினைத்துக்கொண்டிருப்பார் என்று மறுத்தவர்கள் பயப்படுகிறார்கள். அழைத்தவரோ, ஏதோ வேலை இருந்திருக்கும் என்று யோசித்து முடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

அந்தப் பயத்தால் ஒரு விபரீதமும் நடக்கும். நாலு பேருக்கும் அன்று களைப்பு. நாலு பேரும் வேறு யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை என்றால் நாலு பேரும் கிளம்பிப் போவார்கள்.

இதன் மிகப் பிரபலமான உதாரணத்தை ஜெரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் எழுதினார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோல்மன் என்ற சிற்றூர். ஒரு ஜூலை மாதப் பிற்பகல், வெயில் 104 டிகிரி பாரன்ஹீட். மனைவி, மாமனார், மாமியாரோடு வீட்டில் டாமினோ விளையாடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறார். அபிலீன் நகரத்துக்குப் போய்ச் சாப்பிடலாமே என்கிறார் மாமனார். 53 மைல் தொலைவு, குளிர்சாதன வசதி இல்லாத பழைய பியூக் கார். மனைவி நல்ல யோசனை என்கிறார். ஹார்வியும் தலையாட்டுகிறார். மாமியாரும் சரி என்கிறார். புழுதியில் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டு, நாலு மணி நேரம் கழித்து வியர்த்து ஒழுகித் திரும்பி வருகிறார்கள். பிறகுதான் ஒவ்வொருவராக உண்மையைச் சொல்கிறார்கள். யாருக்குமே போக விருப்பம் இல்லை. மாமனாரும்கூட மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் கேட்டிருக்கிறார். அன்று அந்தக் காரின் ஒரு டயர் பஞ்சராகியிருந்தால் நாலு பேரும் உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பார்கள்.

குழந்தைக்கு ஜுரம் என்று செய்தி அனுப்பிய தோழி அந்த டயரின் வேலையைச் செய்தாள். மற்ற மூவரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள், கூடவே மனதுக்குள் நன்றியும் சொன்னார்கள். குழுவில் யாரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் தனக்கு மட்டும்தான் நிம்மதி, மற்றவர்கள் எல்லாம் ஏமாந்துபோனார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிம்மதி கற்றுத்தரும் தவறான பாடம்

இதுவரை சொன்னதை வைத்து, ரத்தானால் நல்லதுதான் என்று முடித்துவிட முடியாது. இந்த நிம்மதிக்கு ஒரு பின்பக்கம் இருக்கிறது.

கேட் ஸ்வீனி, கேத்லீன் வோஸ் என்ற உளவியலாளர்கள் 2012இல் நிம்மதியை இரண்டாகப் பிரித்தார்கள். கடினமான ஒன்றைச் செய்து முடித்தபின் வருவது ஒன்று. செய்ய வேண்டிய ஒன்றிலிருந்து கடைசி நேரத்தில் தப்பியதால் வருவது மற்றொன்று. சோதனைக்கு வந்தவர்களைத் தனியாகப் பாட்டுப் பாடிப் பதிவு செய்யச் சொன்னார்கள், கூச்சப்பட வைக்கும் வேலை. சிலர் பாடி முடித்தார்கள். சிலரிடம் நீங்கள் பாட வேண்டியதில்லை என்று கடைசியில் சொல்லிவிட்டார்கள். இரு சாராருக்கும் நிம்மதிதான். ஆனால் தப்பித்தவர்களின் மனம் நடக்காமல் போனதையே சுற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியிருப்பது போன்ற உணர்வும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தான ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு, 'இந்நேரம் சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்போம்ல' என்று ஒரு லேசான வெறுமை வருவது இதனால்தான்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, நிம்மதி மனதுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பயந்த ஒன்றைத் தவிர்த்ததும் பயம் தணிகிறது, அந்தத் தணிவே பரிசாகிவிடுகிறது, அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் எளிதாகிறது. ஹோபார்ட் மௌரர் 1947இல் விளக்கிய இந்தச் சுழற்சியைப் பதற்ற நோய்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் இன்றும் அன்றாடம் பார்க்கிறார்கள். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போகவே நடுங்குபவருக்கு ஒவ்வொரு ரத்தும் மருந்துபோல இருக்கும், நோயோ வளர்ந்துகொண்டே போகும். போயிருந்தால் நினைத்த அளவுக்கு மோசமாக இருந்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கைநழுவுகிறது.

பதற்ற நோய் இல்லாதவர்களிடமும் இந்தக் கணக்குப் பிழை சிறிய அளவில் உண்டு. ஜான் ஸெலென்ஸ்கியும் அவருடைய குழுவினரும் கனடாவில் நடத்தி 2013இல் வெளியிட்ட சோதனைகளில், தனிமையை விரும்பும் இயல்புள்ளவர்களைக் கலகலப்பாகப் பேசிப் பழகச் சொன்னார்கள். அதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்ததைவிட அவர்கள் அதிகம் மகிழ்ந்தார்கள். கிளம்புமுன் இருக்கும் தயக்கம் போய்ச் சேர்ந்தபின் கிடைக்கப்போகும் மகிழ்ச்சியை வைத்து அளந்ததில்லை. அலைச்சல் முழுக்க முன்னால் இருக்கிறது, மகிழ்ச்சி முழுக்கப் பின்னால் இருக்கிறது, மூன்று மணிக்கு மனம் முன்னால் இருப்பதை மட்டும் எடை போடுகிறது.

ஆக, நிம்மதி எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த ஒரு நொடியை வைத்துச் சொல்ல முடியாது, பின்வரும் நாட்கள் சொல்லும். களைப்பால் வந்த நிம்மதி ஒரு தூக்கத்தில் கரைந்துவிடும். இரண்டு நாளில் அவரே குழுவில் 'எப்போ பாக்கலாம்?' என்று கேட்பார். விருப்பமே இல்லாத உறவாக இருந்தால் அந்தக் கேள்வி வராது, யாராவது மறுபடி தேதி கேட்டால் வயிற்றைப் பிசையும். அச்சத்தால் வந்த நிம்மதிக்கு வேறோர் அடையாளம் இருக்கிறது. யாருடன், எங்கே என்பதைப் பொருட்படுத்தாமல் எல்லாச் சந்திப்பும் ரத்தாக வேண்டும் என்று தோன்றும், நாளாக ஆக வெளியே போகும் வட்டமே சுருங்கும். அப்படித் தொடர்ந்து மாதக்கணக்கில் நடந்தால் அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

தாம்பரத்துப் பெண்ணுடையது முதல் வகை. செவ்வாய்க்கிழமை மதியம் அவரே தோழிக்குத் தனியாக எழுதுகிறார், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு. அடுத்த தேதி போடும்போது இந்த முறை இரண்டு மாற்றங்கள் செய்ய முடியும். ஒன்று, சரி என்று சொல்லுமுன், 'இது நாளைக்கே என்றால் போவேனா?' என்று கேட்டுக்கொள்வது. மூன்று வாரம் தள்ளி நிற்கும் ஞாயிற்றுக்கிழமையை மாவும் சீருடையும் தெரியும் தொலைவுக்கு அந்தக் கேள்வி இழுத்து வந்துவிடும். பெசன்ட் நகர் என்றால் தயக்கம், கிண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகம் என்றால் தயக்கமே இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும்.

மற்றொன்று, டோனியெட்டோவும் மால்கோக்கும் பரிந்துரைக்கும் தளர்வான ஏற்பாடு. 'ஐந்து மணி' என்பதற்குப் பதிலாக 'மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று வைப்பது. அவர்களுடைய சோதனைகளில் இப்படித் தளர்த்தியபோது பொழுதுபோக்கு வேலையின் சாயலை இழந்தது, ரசனை திரும்பி வந்தது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆளுக்கொரு மூலையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை ரயிலைப் பிடித்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வர வேண்டிய நாலு பேருக்கு ஒரு மணி குறித்தே ஆக வேண்டியிருக்கிறது. அவர்கள் செய்யக்கூடியது வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கிளம்பும் நேரத்தையாவது திறந்து வைப்பது. ஒன்பதரைக்குள் வீடு திரும்ப வேண்டியவர் ஏழு மணிக்கே எழுந்து போனாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டால், மூன்று மணிக்கு ஏறும் அந்தத் தயக்கத்தின் உயரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.